நாற்பதாம் அதிகாரத்தில் இன்னும் சில குறள்கள் இருக்கின்றன

கேள்வி: ஐயா, நான் படித்த அரசுப் பள்ளியின் ஆண்டு விழாவில் முன்னாள் மாணவி என்ற முறையில் 7 நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடை வைத்தவள் நான். 34 வயதில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதித் தேறினேன். இப்போது தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறேன். ‘கற்க கசடற’ என்று தொடங்கலாம் என எழுதி வைத்திருந்தேன். போன வருடம் அதே மேடையில் மூன்று பேர் அதையே சொன்னார்களாம். என் மகள் அங்கேதான் படிக்கிறாள், அவள் சொன்னாள். ‘யாதும் ஊரே’ என்று மாற்றலாம் என்றால் அதுவும் எல்லோரும் சொல்வதுதான். யாருக்கும் தெரியாத குறளாக எடுத்துவிட்டால் கூட்டத்துக்கு ஒட்டாது, படம் காட்டுகிற மாதிரி இருக்கும் என்கிறார் என் கணவர். எதைச் சொல்லித் தொடங்குவது? தெரியாத மேற்கோளை எங்கே தேடுவது?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் பக்கம்தான் நான். உங்கள் கணவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் ‘கற்க’ என்று வாயைத் திறந்ததுமே கூட்டத்தில் பாதிப் பேர் ‘நிற்க அதற்குத் தக’ வரைக்கும் மனதுக்குள் முடித்துவிடுவார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் சத்தமாகவே கூடச் சொல்வார்கள். அந்தக் குறளில் குறை எதுவும் இல்லை. ஆனால் அடுத்து நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதையும் அவர்கள் சேர்த்தே முடித்துவிடுகிறார்கள். ‘நன்றாகப் படிக்க வேண்டும், படித்தபடி நடக்க வேண்டும், அவ்வளவுதானே’ என்று மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு தொடங்கும், கை செல்போனைத் தேடும். உங்கள் கதை வேறு மாதிரியானது என்று அவர்களுக்குத் தெரிவதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும். உங்களுக்குத் தந்திருப்பது 7 நிமிடம்தான்.

தெரியாத வரியின் பலன் இங்கேதான். அதை யாராலும் முன்கூட்டியே முடிக்க முடியாது. முடிக்க முடியாததால் கேட்டாக வேண்டியிருக்கிறது. அந்த 10, 15 விநாடிக் கவனத்தை வாங்கித் தருவதற்காகத்தான் இவ்வளவு சிரமமும். அதற்கு மேல் ஒரு மேற்கோளால் எதுவும் செய்ய முடியாது. மீதியை உங்கள் பேச்சுதான் செய்ய வேண்டும்.

தெரிந்தது, தெரியாதது என்பது வரியைப் பொறுத்ததல்ல, கேட்கிற கூட்டத்தைப் பொறுத்தது. 2007 ஏப்ரலில் அப்துல் கலாம், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியபோது ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரியைச் சொன்னார். நமக்குப் பேருந்திலும் பள்ளிச் சுவரிலும் பார்த்துப் பழகிய வரி. அந்த அவையில் இருந்த பெரும்பாலோருக்கு அது முதல் முறை. பல நாடுகள் சேர்ந்து ஒன்றியமாகிய ஒரு சபையில் போய், எங்கள் மொழியில் இதை அந்தக் காலத்திலேயே ஒரு புலவர் சொல்லிவிட்டார் என்றால் யாரும் நிமிர்ந்துதான் உட்காருவார்கள். அதே வரியை மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளி மேடையில் சொன்னால், தமிழ்த்தாய் வாழ்த்து மாதிரி அதற்கு மரியாதையாக இருந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதனால் ‘யாருக்கும் தெரியாத’ ஒன்றைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. உங்கள் கூட்டம் வாயால் முடிக்க முடியாத ஒன்று கிடைத்தால் போதும்.

எங்கே தேடுவது என்றால், நீங்கள் முதலில் எழுதி வைத்த குறளுக்குப் பக்கத்திலேயே தேடுங்கள். ‘கற்க கசடற’ 391ஆவது குறள், கல்வி அதிகாரத்தின் முதல் குறள். அந்த அதிகாரம் 400 வரை போகிறது. அதில் ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’, ‘கண்ணுடையர் என்பவர் கற்றோர்’, ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’, ‘கேடில் விழுச்செல்வம்’ ஆகியவை பாடப்புத்தகத்திலும் பேச்சுப் போட்டியிலும் தேய்ந்தவை. மீதி ஐந்து குறள்களை மேடையில் எடுப்பவர்கள் குறைவு. பிரபலமான வரி எதுவாக இருந்தாலும் இதே வழிதான்: அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொருள் ஏற்கெனவே உங்கள் விழாவுக்குப் பொருத்தமானது, நூலும் கூட்டத்துக்குத் தெரிந்தது, வரி மட்டும் புதிது. நம்பிக்கையும் புதுமையும் ஒன்றாகக் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

அந்த ஐந்தில் நான்கை உங்களுக்காக எடுத்துப் பார்த்தேன்.

‘உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்’ என்பது 394. கூடும்போது மகிழவும், பிரியும்போது இனி எப்போது பார்ப்போம் என்று நினைக்கவும் வைப்பது கற்றவர் செயல் என்பது பொருள். அழகான குறள். ஆனால் இது பிரிவு உபசார விழாவுக்கோ பழைய மாணவர் சந்திப்புக்கோ உரியது. உங்கள் கதையோடு ஒட்டாது.

‘உடையார்முன் இல்லார்போல் ஏக்கற்றுங் கற்றார் கடையரே கல்லா தவர்’ என்பது 395. பணக்காரர் முன் ஏழை நிற்பது போலத் தாழ்ந்து நின்றாவது கற்றவரே உயர்ந்தவர், கல்லாதவர் கடைப்பட்டவர் என்கிறது. 34 வயதில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் சந்தேகம் கேட்டுப் படித்திருப்பீர்கள். உங்களுக்கு இது சரியாகப் பொருந்துகிற மாதிரி இருக்கும். எடுக்காதீர்கள். உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் பள்ளிப் பக்கமே போகாதவர்கள் இருப்பார்கள். வயல் வேலையையோ கொத்து வேலையையோ முடித்துவிட்டு, பிள்ளை நடனம் ஆடுவதைப் பார்க்க வந்து உட்கார்ந்த ஒரு தாயின் முகத்துக்கு நேரே ‘கடையரே கல்லாதவர்’ என்று ஒலிபெருக்கியில் சொல்வது அடிப்பதற்குச் சமம். குறளின் மேல் தப்பில்லை, சபைதான் வேறு.

‘தாமின் புறுவது உலகின் புறக்கண்டு காமுறுவர் கற்றறிந் தார்’ என்பது 399. தான் மகிழ்வதற்குக் காரணமான கல்வியால் உலகமும் மகிழ்வதைப் பார்த்துக் கற்றவர் இன்னும் கற்க ஆசைப்படுவார் என்பது. ஆசிரியர் தினத்துக்கு இது நன்றாக இருக்கும்.

இப்போது 397ஐப் பாருங்கள்.

யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன்
சாந்துணையுங் கல்லாத வாறு.

கற்றவருக்கு எந்த நாடும் தன் நாடாகும், எந்த ஊரும் தன் ஊராகும். அப்படியிருக்க ஒருவன் சாகும்வரை கல்லாமல் இருப்பது ஏன்? இதுதான் பொருள். உங்களுக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. நீங்கள் விரும்பிய ‘யாதும் ஊரே’யின் சாயல் அப்படியே வருகிறது. இது கேள்வியாக முடிகிறது. மேடையில் ஒரு கேள்வி விழுந்தால் அதற்குப் பதில் வரும்வரை ஜனங்கள் காத்திருப்பார்கள். அதைவிட முக்கியம், ‘சாந்துணையும்’ என்ற சொல் படிப்பைப் பிள்ளைகளின் வேலையாக மட்டும் விடவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘மாணவர்களே, படியுங்கள்’ என்று கீழே பார்த்துச் சொல்வார்கள். இந்தக் குறள் பின்வரிசையில் நிற்கும் பெரியவர்களையும் சேர்த்துக் கேட்கிறது. உங்கள் வாழ்க்கையும் அதைத்தான் கேட்கிறது.

இனிதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். இந்தக் குறளைப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிற மாதிரியே படித்தால் கூட்டத்துக்குப் புரியாது. உங்கள் கணவரின் பயம் பலித்துவிடும்.

முதல் சிக்கல் காதில் இருக்கிறது. ‘நாடாமால்’ என்பதை மைக்கில் கொஞ்சம் வேகமாகச் சொன்னால் ‘நாடாமல்’ என்று விழும். யாரையும் நாடாமல், எதையும் தேடாமல் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். குறள் தலைகீழாகிவிடும். அதனால் சீர் பிரித்துப் படிக்காமல் பொருள் பிரித்துப் படியுங்கள்: ‘யாதானும் நாடு ஆமால்… ஊர் ஆமால்…’ என்று நாடு, ஊர் இரண்டும் தனியாகக் காதில் விழ வேண்டும். அங்கே ஒரு மூச்சு விடுங்கள். பிறகு ‘என் ஒருவன் சாந்துணையும் கல்லாதவாறு?’ என்று கேள்வித் தொனியில் ஏற்றி முடியுங்கள். ஆனால் கடைசிச் சொல்லைப் பிரிக்க வேண்டாம். ‘கல்லாத ஆறு’ என்றால் ஆற்றைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ‘கல்லாதவாறு’ என்று சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘கற்றவருக்கு’ என்பது குறளில் வெளிப்படையாக இல்லை. உரைகாரர்கள் வருவித்துச் சொல்கிறார்கள். முதல் தடவை கேட்பவருக்கு, யாருக்கு எந்த ஊரும் சொந்த ஊர் ஆகிறது என்பது தெரியாது. ஆகவே குறளைச் சொன்ன கையோடு, அடுத்த வாக்கியத்திலேயே ‘படித்தவருக்கு’ என்ற சொல் வந்துவிட வேண்டும். நடுவில் ‘என்று தெய்வப்புலவர் திருவள்ளுவர் பெருந்தகை அன்றே மிக அழகாகக் குறிப்பிட்டிருக்கிறார்’ என்று நீட்டினால் கேட்டவர் கையிலிருந்து வரி நழுவிப் போகும். வள்ளுவர் பெயர் பொருளுக்குப் பிறகு வரட்டும். முன்னால் சொன்னாலும் இடைஞ்சல்தான்: ‘வள்ளுவர் சொல்கிறார்’ என்றதும் வழக்கமானது வரப்போகிறது என்று காது மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, ‘சாந்துணையும்’. விழா மேடையில் எடுத்த எடுப்பில் சாவைப் பேசினால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றி முடித்த கையோடு அந்தப் பேச்சு வேண்டாம் என்பது நம் வழக்கம், அதை மதிக்கலாம். குறளுக்குள் அந்தச் சொல் இருப்பதை யாரும் குற்றமாக எடுக்க மாட்டார்கள். நீங்கள் பொருள் சொல்லும்போது மட்டும் ‘கடைசி வரைக்கும்’ என்று சொல்லுங்கள். பொருளும் மாறாது, காதுக்கும் உறுத்தாது.

நான்காவதுதான் பெரியது. இந்தக் குறளும் கல்லாதவரைப் பார்த்துத்தான் கேட்கிறது. 395 அளவுக்குச் சுடாது, ஆனால் விரல் நீட்டுகிறது. அந்த விரலை நீங்கள் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அதைச் செய்வதற்கு அந்த மேடையில் உங்களைவிட உரிமை உள்ளவர் இருக்க மாட்டார்.

ஒரு மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறேன். அப்படியே சொல்ல வேண்டும் என்பதில்லை, உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

“தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

யாதானும் நாடு ஆமால்… ஊர் ஆமால்… என் ஒருவன் சாந்துணையும் கல்லாதவாறு?

படித்தவருக்கு எந்த நாடும் சொந்த நாடு, எந்த ஊரும் சொந்த ஊர். அப்புறம் ஏன் ஒருத்தர் கடைசி வரைக்கும் படிக்காமலே இருந்துவிடுகிறார்? இது திருவள்ளுவர் கேட்கிற கேள்வி.

34 வயது வரைக்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் நிறையப் பதில் இருந்தது. பத்தாவது முடித்தபோது வீட்டில் வசதி இல்லை. அப்புறம் கல்யாணம். அப்புறம் கைக்குழந்தை. அப்புறம் கடை. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிற பல அம்மாக்களுக்கும் இதே காரணங்கள் இருக்கும், அவையும் உண்மைதான். ஒரு நாள் அந்தக் காரணங்களில் ஒன்று குறைந்தது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.”

இதை நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் குறள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது பேச்சுக்கு முன்னால் கட்டிய தோரணமாக இல்லை. அது கேள்வி கேட்கிறது, நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அந்தப் பதில்தான் மீதி 6 நிமிடம். ‘அந்தக் காரணங்களும் உண்மைதான்’ என்று நீங்கள் சொன்ன இடத்தில் படிக்காத பெற்றோரும் உங்களோடு வந்துவிடுகிறார்கள். வள்ளுவர் நீட்டிய விரலுக்கு எதிரில் அவர்களுக்குத் துணையாக நீங்கள் நிற்கிறீர்கள்.

உங்கள் தேர்வு சரிதானா என்று பார்க்க இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். எழுதி முடித்த பேச்சில் மேற்கோளை மட்டும் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது அலங்காரம், எடுத்துவிடலாம். நான் மேலே எழுதியதில் குறளை மறைத்தால் ‘இந்தக் கேள்விக்கு’ என்ற இடம் தொங்கும். அந்த அளவுக்குப் பேச்சு அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வணக்கம் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மேடைகளில் முதலில் ஒரு பாட்டையோ குறளையோ பாடிவிட்டு, அப்புறம் விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே என்று ஆளாளாக விளிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் தெரிந்த குறளுக்கு அது பரவாயில்லை. தெரியாத குறளுக்கு ஆகாது. அது எழுப்பிய ஆர்வம் எட்டுப் பேர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறிப்போகும். வணக்கத்தை ஒரே வாக்கியத்தில் முதலில் முடித்துவிட்டு, ஒரு விநாடி நிறுத்தி, குறளைத் தொடங்குங்கள். பெயர் சொல்லியே ஆக வேண்டிய ஒருவர் இருந்தால் அதே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவர் சொன்னது. படம் காட்டுகிற மாதிரி ஆவது தெரியாத குறளால் அல்ல, ‘உங்களில் பலருக்கும் தெரியாத ஒரு குறளைச் சொல்கிறேன்’ என்ற முன்னுரையால். அந்த வாக்கியத்தைப் பலர் ஆசையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேட்பவரைச் சிறுமைப்படுத்திவிட்டு அவர் கவனத்தைக் கேட்க முடியாது. முன்வரிசையில் தமிழாசிரியர் இருப்பார், அவருக்கு 397 மனப்பாடமாகத் தெரியும். எதுவும் அறிவிக்காமல் சொன்னீர்கள் என்றால் தெரிந்தவருக்கு ‘அட, இதை எடுத்திருக்கிறாளே’ என்ற சந்தோஷம், தெரியாதவருக்குப் புதிதாக ஒன்று. இன்னொன்று, ஒரு குறள் போதும். புதிதாக ஒன்று கிடைத்த உற்சாகத்தில் 398ஐயும் 399ஐயும் அடுக்காதீர்கள். கேட்பவர் மூளை ஒரு புதிய வரிக்குத்தான் இடம் வைத்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். யாரும் கேட்டிராத வரி வேண்டும் என்று தேடுகிறவர்கள் அதிகம் விழுவது அந்தப் பள்ளத்தில்தான். அப்துல் கலாம் படத்தோடும் விவேகானந்தர் படத்தோடும் வருகிறவற்றில் எந்த நூல், எந்த உரை என்ற குறிப்பு அநேகமாக இருக்காது. குறிப்பு இல்லாத வரியை மேடையில் அவர்கள் பேரில் ஏற்றாதீர்கள். மிகப் பிரபலமானதற்கே இந்தக் கதிதான். ‘உலகில் நீங்கள் காண விரும்பும் மாற்றமாக நீங்களே இருங்கள்’ என்று காந்தி பெயரில் உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அந்த வாக்கியம் அவர் எழுத்தில் இல்லை. அவர் எழுதியது இதுதான்: 1913இல், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் உடல்நலம் பற்றி ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தார். அதில் பாம்புக்கடி பற்றிய பகுதியில், நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் என்ற கருத்தை எழுதினார். உண்மையைத் தேடிப் போனால் பொய்யைவிட ஆச்சரியமான ஒன்று கிடைக்கிறது. சுற்றுச்சூழல் விழாவில் ‘பாம்புக்கடியைப் பற்றி எழுத உட்கார்ந்தார் காந்தி’ என்று ஒருவர் தொடங்கினால் எந்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும்.

பழைய நூல் என்றால் சரிபார்ப்பது சுலபம். குறளுக்கு எண் இருக்கிறது. பரிமேலழகர் உரை ஒன்று, மு.வ. உரை ஒன்று என்று இரண்டு உரைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் நினைத்த பொருள் சரியா என்று 10 நிமிடத்தில் தெரிந்துவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மூலமும் உரைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

‘யாதும் ஊரே’யை இந்தத் தடவை எடுக்க வேண்டாம் என்றாலும், உங்களுக்கு அது பிடித்திருப்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். புறநானூற்றில் 192ஆவது பாட்டு அது, கணியன் பூங்குன்றனார் பாடியது, மொத்தம் 13 அடி. எல்லோரும் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள், மிஞ்சினால் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ வரை போவார்கள். அந்தப் பாட்டின் கடைசி இரண்டு அடிகளைக் கேளுங்கள்:

பெரியோரை வியத்தலும் இலமே;
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. அந்த ‘அதனினும்’ என்ற சொல்லில் எவ்வளவு பெரிய மனசு இருக்கிறது! முதல் அடியை மட்டும் தெரிந்தவர்களுக்கு, அதே பாட்டு இப்படி முடிகிறது என்பது பெரிய ஆச்சரியமாக இருக்கும். ஆனால் இடம் பார்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும். ஆண்டு விழா மேடையில், பொன்னாடை போர்த்தி உட்காரவைத்திருக்கிற சிறப்பு விருந்தினருக்கு முன்னால் ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்று தொடங்கினால் அவருக்கும் சங்கடம், உங்களை அழைத்த தலைமையாசிரியருக்கும் சங்கடம். இதுவே, அதிகாரியிடமும் வாசலில் நிற்கும் காவலரிடமும் ஒரே மாதிரிப் பேசிய ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பாராட்டும் கூட்டத்தில் முதல் அடியைக் கூட்டத்தையே சொல்லவைத்து, ‘இந்தப் பாட்டு எப்படி முடிகிறது தெரியுமா?’ என்று கேட்டு இந்த இரண்டு அடிகளைச் சொன்னால், அந்த மனிதரைப் பற்றி அதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது. பிரபலமான வரிக்கு நல்ல வேலை இப்படித்தான் கிடைக்கும். கூட்டத்தைச் சேர்ந்து சொல்லவைக்க அது உதவும், அந்த வாசலைத் தாண்டி உள்ளே கூட்டிப் போவது உங்கள் வேலை.

பயிற்சிக்கு வருவோம். பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டாம், குறளை மட்டும் செய்யுங்கள். திக்காமல், சீட்டைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். தெரியாத வரியைத் தாளைப் பார்த்துப் படித்தால் நேற்று தேடி எடுத்தது என்று தெரிந்துவிடும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பாருங்கள், மெஷின் சத்தத்துக்கு மேல் ‘நாடு ஆமால்’ தெளிவாக வருகிறதா என்று கவனியுங்கள். விழா மைதானத்தில் அதைவிட இரைச்சல் இருக்கும்.

அப்புறம், கடைக்கு வரும் யாரிடமாவது, அதிகம் படிக்காத ஒருவராக இருந்தால் நல்லது, தொடக்கத்தை ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். ‘என்ன கேட்டேன்?’ என்று கேளுங்கள். ‘ஏன் கடைசி வரைக்கும் படிக்காமல் இருக்கிறார்கள் என்று கேட்டாய்’ என்று அவர் சொன்னால் போதும், தேறிவிட்டது. குறளின் சொற்கள் அவருக்கு நினைவில் இருக்க வேண்டியதில்லை. ‘ஏதோ நாடு, ஊர் என்று சொன்னாய்’ என்றால், பொருள் சொல்லும் வாக்கியத்தை நீங்கள் வேகமாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம், அந்த இடத்தை நிதானப்படுத்துங்கள். ‘என்னைப் படிக்காதவள் என்று சொல்கிறாயா?’ என்று அவர் முகம் மாறினால் உங்கள் கதை வருவதற்குத் தாமதமாகிறது. ‘34 வயது வரைக்கும்’ என்ற வாக்கியத்தைக் கேள்விக்கு அடுத்தபடி இடைவெளியே விடாமல் கொண்டுவாருங்கள்.

உங்களுக்கு முன்னால் பேசுகிறவர் இதே 397ஐச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நடப்பது அரிது. நடந்தால் மாற்ற வேண்டாம்: ‘ஐயா சொன்ன அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்’ என்று நேராக உங்கள் காரணங்களுக்குப் போய்விடுங்கள். குறளை மறுபடி சொல்லத் தேவையில்லை.

மேடைக்குக் கொண்டுபோகும் சீட்டில் நாலு வார்த்தை எழுதினால் போதும்: வணக்கம், குறள், காரணங்கள், அந்த ஒரு நாள். மூலையில் ‘குறள் 397, அதிகாரம் 40’ என்று குறித்து வையுங்கள். இறங்கி வந்ததும் யாராவது ஒரு பிள்ளை வந்து, அக்கா அது எந்தக் குறள் என்று கேட்கும். எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.